பத்தாந் திகதிச் சம்பளமும் முதலாந் திகதி வாடகையும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இங்கு கூடியிருக்கும் நம்மிற் பலர் இன்னும் ஓராண்டு ஈராண்டில் உத்தியோகத்துக்குச் செல்ல இருப்பவர்கள். சிலர் ஏற்கெனவே சென்றுவிட்டவர்கள். சம்பளம் போதவில்லை என்ற பேச்சு நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதைப் பற்றியன்று. சம்பளம் போதுமானதாக இருந்தும், ஆண்டுக்கணக்காக மாதந்தவறாமற் கடன்படும் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய குறை தொகையில் இல்லை, திகதியில் இருக்கிறது. அதைத்தான் இன்று சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

நமது நாட்டில் அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 25 ஆந் திகதி வாக்கிற் கிடைத்துவிடுகிறது. அடுத்த மாதம் முதலாந் திகதி வாடகை கொடுக்கும்பொழுது அவர் கையிற் பணம் இருக்கும். தனியார் காரியாலயங்களிலும் கடைகளிலும் வேலை செய்வோரின் நிலை வேறு. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் முதலாளி கொடுத்தாற் போதும். ஆகவே பல இடங்களிற் பத்தாந் திகதியே சம்பளநாளாகிவிட்டது. வீட்டுக்காரரோ முதலாந் திகதி வாடகையை எதிர்பார்க்கிறார். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒன்பது நாட்களில் எத்தனையோ வீடுகளின் காப்பும் சங்கிலியும் அடைவுக் கடைக்குப் போய்வருகின்றன.

இக்குறை எங்கே தொடங்குகிறது என்பதை முதலிற் பார்ப்போம். தை மாதம் முதலாந் திகதி ஓர் இளைஞர் வேலையை ஏற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதற் சம்பளம் மாசி பத்தாந் திகதி வருகிறது. நாற்பது நாட்கள்! அந்த நாற்பது நாளுக்குள் முதலாந் திகதி இரண்டு முறை வந்து போகிறது. வாடகையும் இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் வாடகையைத் தகப்பனார் கொடுத்து அனுப்பியிருப்பார். இரண்டாவதை நண்பரிடம் வாங்குவார். மாசி பத்தாந் திகதி சம்பளம் வந்ததும் நண்பரின் கடனைத் தீர்க்கிறார். எஞ்சிய பணம் பங்குனி ஒன்பதாந் திகதி வரை உணவுக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கிறது. ஆனால் நடுவே பங்குனி முதலாந் திகதி வந்து நிற்கிறது. மீண்டும் நண்பரிடம் செல்கிறார். இவ்வாறு, வேலையேற்ற முதல் மாதத்திற் பட்ட அந்த ஒரே கடன், கலியாணம் முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலம் வரை அவரைப் பின்தொடர்ந்து வருகிறது. அவர் மாதந்தோறும் புதிய கடன் படுகிறார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அந்தப் பழைய கடன்தான். மாதம் ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்கிறது.

இப்பொழுது ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கொழும்பின் ஓரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் இலிகிதர், மனைவி, ஒரு பிள்ளை. அவருடைய மாதச் சம்பளம் 1,00,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழிந்ததும் கைக்கு வருவது 92,000 ரூபா. அது பத்தாந் திகதி வருகிறது. முதலாந் திகதி வாடகை 30,000. ஐந்தாந் திகதி பிள்ளையின் பாடசாலை வானுக்கு 6,000. எட்டாந் திகதியளவில் மின்சாரம், தண்ணீர், தொலைபேசி ஆகிய மூன்றுக்குமாக 8,000. ஆக, சம்பளத்துக்கு முன்னரே கேட்டு வருபவை 44,000 ரூபா. எஞ்சுவது 48,000. உணவு, எரிவாயு, பிரயாணம் எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு 1,400 ரூபா செலவானால், முப்பத்தொரு நாளுக்கு 43,400. மிச்சம் 4,600 ரூபா.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் நாம் என்ன சொல்வோம்? வரவுக்குள் செலவு அடங்குகிறது, கடன்பட வேண்டிய அவசியமில்லை என்போம். ஆயினும் அவர் வீட்டில் நடப்பது வேறு. முதலாந் திகதி மனைவியின் சோடிக் காப்பை அடைவு வைத்து 30,000 எடுக்கிறார். வானுக்கும் மின்சாரத்துக்கும் காரியாலய நண்பரிடம் 14,000 கைமாற்று வாங்குகிறார். பத்தாந் திகதி இரண்டையும் தீர்க்கிறார். அடைவுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி, ஒன்பது நாள் வைத்தாலும் ஒரு மாதத்து வட்டி என்றால், 600 ரூபா போகிறது. ஓராண்டுக்கு 7,200 ரூபா. காப்பை மீட்காமல் ஆண்டு முழுவதும் கடையில் விட்டிருந்தாலும் இதே வட்டிதான். மீட்டு மீட்டு வைப்பதால் அவர் பணத்தைப் பயன்படுத்தியதோ ஆண்டில் நூற்றெட்டு நாள் மாத்திரம். தனியாரிடம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்குபவராயின் மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 ரூபா இந்த வழியிற் கரைந்துவிடும்.

“சம்பளம் வந்த அன்றே அடுத்த வாடகையை எடுத்துத் தனியே வையுங்கள்” என்பது பெரியோர் கூறும் புத்திமதி. நல்ல புத்திமதிதான். ஆனால் அதைக் கேட்டு நடக்க முயன்றவர்கள் முதல் மாதத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். ஏன்? கணக்கைப் பாருங்கள். பத்தாந் திகதி 92,000 வருகிறது. பழைய கடன் 44,000 தீர்க்க வேண்டும். வரப்போகும் வாடகைக்கும் மற்றவற்றுக்கும் 44,000 தனியே வைக்க வேண்டும். மிஞ்சுவது 4,000 ரூபா. அதைக் கொண்டு ஒரு மாதம் சீவிப்பது எப்படி? மூன்றாம் நாளே தனியே வைத்த உறையில் கை போகும். மனைவி கணவனுக்கும், கணவன் மனைவிக்கும் சிக்கனம் போதாது என்று குற்றஞ் சொல்வார்கள். இங்கே குற்றம் இருவரிடமும் இல்லை. இரண்டு மாதத்துச் செலவை ஒரு சம்பளத்திலிருந்து எடுக்க முயன்றதே தோல்விக்குக் காரணம். அந்த இடைவெளியைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். அப்பாலத்தை மாதந்தோறும் கட்ட வேண்டியதில்லை; ஒரே முறை கட்டினாற் போதும். ஆதலால் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, பாலத்தின் நீளத்தைக் குறைப்பது. மற்றது, குறைந்த நீளத்துக்கு வேண்டிய பணத்தை ஒரு தடவை தேடுவது.

நீளத்தைக் குறைக்கும் வழியை முதலிற் காண்போம். மின்சாரப் பில்லும் தண்ணீர்ப் பில்லும் வீட்டுக்கு வருவது, மானி வாசிப்பவர் வரும் நாளைப் பொறுத்தது. அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் பில் வந்த அன்றே பணம் கட்ட வேண்டும் என்பதில்லை. கட்ட வேண்டிய கடைசித் திகதி எது என்பதைப் பில்லிற் பார்த்துக்கொண்டு, எட்டாந் திகதி வந்ததைப் பதினோராந் திகதி கட்டலாம். இதற்காகக் கைமாற்று வாங்குவது வீண். எச்சரிக்கை ஒன்றுண்டு. பதினோராந் திகதி கட்டாமல் விட்டுவிட்டால் அடுத்த மாதம் இரண்டு பில் சேர்ந்து நிற்கும்; பின்னர் சிவப்பு அறிவித்தலும் வரும். ஆகவே சம்பளம் வந்த மறுநாட் காலையில் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது வாடகை. வீட்டுக்காரரிடம், “ஐயா, இந்த மாதம் பத்து நாள் பொறுங்கள்” என்று கேட்டால் அவர் முகம் சுளிப்பது இயல்பு. பத்து நாள் இருபது நாளாகும் என்று அவர் பயப்படுவார். வேறு விதமாகக் கேட்க வேண்டும். “வாடகை மாதத்தைப் பன்னிரண்டாந் திகதியிலிருந்து தொடங்க வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள பதினொரு நாளுக்குரிய வாடகையை இந்த முதலாந் திகதியே தந்துவிடுகிறேன்” என்று கேட்க வேண்டும். 30,000 ரூபாவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 1,000. பதினொரு நாளுக்கு 11,000. முதலாந் திகதி 11,000, பன்னிரண்டாந் திகதி முழு வாடகை 30,000, அதன்பின் மாதந்தோறும் பன்னிரண்டாந் திகதி 30,000. வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வாடகையும் நட்டமில்லை. அவர் கையில் முற்பணமும் இருக்கிறது. அவர் சம்மதித்தால், வாடகை உடன்படிக்கையில் புதிய திகதியை எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். 11,000 ரூபாவுக்கு, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரைக்குமானது என்று குறித்த பற்றுச்சீட்டும் பெற வேண்டும். வாய்ப்பேச்சோடு விட்டால், வீட்டை விட்டு எழும்பும் காலத்தில் அந்தப் பதினொரு நாள் பிரச்சினையாகும். சில வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். அவருக்கும் வங்கியில் ஐந்தாந் திகதி தவணை இருக்கலாம். அவரைக் குறை கூறுவதற்கில்லை.

வான்காரருடைய 6,000 ரூபாவைப் பின்தள்ளக் கூடாது என்பதே எமது கருத்து. அவர் முதல் வாரத்தில் வாங்கும் பணத்தில் டீசல் அடித்துத்தான் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார். நம்முடைய ஒன்பது நாட் குறையை நம்மிலும் எளியவர் தலையில் ஏற்றிவிட்டு, நம் வீட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று மகிழ்வது நியாயமன்று. வீட்டு வேலைக்கு வருபவர், பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஆகியோருக்கும் இவ்விதியே பொருந்தும்.

இப்பொழுது பாலத்தின் நீளத்தை மறுபடி அளந்து பார்ப்போம். வாடகைக்கு 11,000, வானுக்கு 6,000, ஆகப் பதினேழாயிரம் ரூபா. நாற்பத்துநாலாயிரமாய் இருந்தது பதினேழாயிரமாயிற்று. கடன் வாங்காமல் ஒரு குடும்பம் தேடிக்கொள்ளக் கூடிய தொகை இது.

எவ்வாறு தேடுவது? நம் இலிகிதருக்கு மாதம் மிஞ்சுவது 4,600 ரூபா என்று கண்டோம். அதில் அடைவு வட்டி 600 போக, மருந்துக்கும் உடுப்புக்கும் 2,000 வைத்தால், 2,000 ரூபா எஞ்சும். காரியாலயத்திற் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 2,000 ரூபாச் சீட்டுக் கட்டினால், ஒருவர் முறைக்கு 20,000 ரூபா கிடைக்கும். ஏலச் சீட்டாயின் முந்தி எடுப்பவர் கழிவு கொடுக்க வேண்டும். அது வட்டியைப் போன்றதே. குலுக்கிப் போடும் சீட்டிலே கழிவு இல்லை. ஒரே இடத்தில் வேலை செய்து ஒரே நாளிற் சம்பளம் எடுப்பவர்கள், பதினோராந் திகதி பணம் போடும் சீட்டே பாதுகாப்பானது. ஊர்பேர் தெரியாதவர் நடத்தும் பெரிய சீட்டிற் சேர்ந்து, சீட்டுக்காரர் தலைமறைவாகிவிட்டால், பாலமும் போய்க் கடனும் மிஞ்சும்.

அவருடைய முறை ஆனி மாதம் பதினோராந் திகதி விழுந்தது என்று கொள்வோம். கையில் 20,000. ஆடி முதலாந் திகதி வீட்டுக்காரருக்கு 11,000 கொடுக்கிறார். காப்பு பெட்டியிலேயே இருக்கிறது. ஐந்தாந் திகதி வானுக்கு 6,000. மிஞ்சிய 3,000 ரூபாவைத் தொடாமல் வைக்கிறார். எட்டாந் திகதி மின்சாரப் பில் வருகிறது, மேசையில் வைக்கிறார். பத்தாந் திகதி 92,000 ரூபா வருகிறது. அன்றைக்கு அவர் யாருக்கும் கடன்காரர் அல்லர்! பதினோராந் திகதி பில்களுக்கு 8,000, பன்னிரண்டாந் திகதி வாடகைக்கு 30,000, வரப்போகும் வான் கட்டணத்துக்கு 6,000 என்று ஒதுக்கியதும் 48,000 நிற்கிறது. நாட்செலவு 43,400, மருந்தும் உடுப்பும் 2,000, சீட்டுப் பணம் 2,000 போக, முன்னர் வட்டியாய்ப் போன அந்த 600 ரூபா இப்பொழுது அவர் கையில் நிற்கிறது. சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. உணவிலும் ஒரு பிடி குறையவில்லை.

வீட்டுக்காரர் திகதி மாற்றச் சம்மதியாவிட்டால் என்ன செய்வது? அப்பொழுது படிப்படியாக இறங்க வேண்டும். இந்த மாதம் 30,000 ரூபாவுக்கு அடைவு வைத்தவர், எஞ்சும் 2,000 ரூபாவைக் கைவிடாமல் வைத்திருந்து, அடுத்த மாதம் 28,000 ரூபாவுக்கே வைக்கட்டும். அதற்கடுத்த மாதம் 26,000. பதினைந்து மாதத்திற் காப்பு வீட்டோடு நின்றுவிடும். அந்தப் பதினைந்து மாதத்துக்கும் வட்டி மொத்தம் 4,800 ரூபா. பழையபடி விட்டிருந்தால் 9,000 ரூபா. மெதுவான வழிதான். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் கடன் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

பாலம் கட்டியபின் அதைக் காக்கும் முறையையும் சொல்ல வேண்டும். மாதக் கணக்கை ஒன்று முதல் முப்பது வரை எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, பத்து முதல் ஒன்பது வரை எழுதுங்கள். சம்பளமாதம் வேறு, பஞ்சாங்க மாதம் வேறு. ஒதுக்கும் பணத்தைச் செலவுப் பணத்தோடு ஒரே கணக்கில் விட வேண்டாம். பதினோராந் திகதி இவ்வளவு தொகையை மற்றக் கணக்குக்கு மாற்றுக என்று வங்கிக்கு ஒரு முறை எழுதிக் கொடுத்தால், மாதந்தோறும் அவர்களே மாற்றிவிடுவார்கள். பத்தாந் திகதி சனி ஞாயிறிலோ போயா தினத்திலோ விழுந்தால், சில இடங்களிற் சம்பளம் ஓரிரு நாள் பிந்தும். தொடாமல் வைத்த அந்த 3,000 ரூபா இதற்காகவே. நாளுக்கு 1,400 வீதம் இரண்டு நாளை அது தாண்டிவிடும்.

இன்னொரு நுட்பம் உண்டு. நாம் பெரும்பாலும் கிழமைக் கணக்கிற் சந்தைக்குப் போகிறோம். மாதம் நான்கு கிழமை என்று எண்ணுகிறோம். தை பத்திலிருந்து மாசி ஒன்பது வரை முப்பத்தொரு நாள். நான்கு கிழமையும் மூன்று நாளும். அந்த மூன்று நாட் செலவான 4,200 ரூபாவை மறந்தவர்தாம் ஏழாந் திகதி கடைக் கொப்பியிற் கடன் எழுதுகிறார். ஆகவே சம்பளம் வந்த அன்றே அம்மூன்று நாட் காசைத் தனியே மடித்து வையுங்கள். மாசி பத்திலிருந்து பங்குனி ஒன்பது வரை, லீப் வருடம் அல்லாதபோது, சரியாக நான்கு கிழமை. அந்த ஒரு மாதத்தில் 4,200 ரூபா தானாக மிஞ்சும். சித்திரைப் புதுவருடச் செலவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஈற்றில், இம்முறை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை அறியும் வழியைச் சொல்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒன்பதாந் திகதி இரவு, மறுநாட் சம்பளம் வருமுன், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கூட்டி ஒரு வரி எழுதுங்கள். நான்கு மாதம் எழுதினாற் போதும். தொகை நாற்பத்துநாலாயிரம், நாற்பத்துநாலாயிரம் என்று ஏறாமல் இறங்காமல் நின்றால், அது திகதியின் குறை. மேற்சொன்ன வழியால் தீரும். நாற்பத்துநாலு, நாற்பத்தேழு, ஐம்பத்தொன்று என்று ஏறிக்கொண்டே போனால், அது தொகையின் குறை. அவ்வீட்டில் எந்தத் திகதியை எங்கே மாற்றினாலும் பயன் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும், அல்லது குறைந்த வாடகை வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது வரவைக் கூட்ட வேண்டும். இரண்டு நோயும் வெளியே ஒரே மாதிரித் தெரியும். இரண்டு வீட்டிலும் முதலாந் திகதி காப்பு அடைவுக் கடைக்குத்தான் போகிறது. மருந்தோ வேறு.

இனி உத்தியோகம் ஏற்கப் போகும் நமக்கு இது எல்லாவற்றிலும் எளிது. நியமனக் கடிதம் கிடைத்ததும், சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்தத் திகதி என்றும் கேட்டறிவோம். அறை பேசும்பொழுது, குடிபுகும் முன்னரே, வாடகைத் திகதியைச் சம்பளத்துக்கு இரண்டு நாள் பின்னாக வைத்துப் பேசுவோம். முதல் நாற்பது நாளின் செலவையும் வாடகையையும் வீட்டாரிடம் கேட்பதாயின், அத்தொகை முழுவதையும் கணக்கிட்டு ஒரே முறையிற் கேட்போம். பாதியைக் கேட்டு மீதியை நண்பரிடம் வாங்கினால், அந்த மீதிதான் நம்மோடு கூடவே குடியேறுகிறது.